பத்தே கால் மணிக்குப் போன மெயில், முப்பது நாள் கழித்துத் திரும்பும் மெயில்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போனில் ஒரு மெயிலை இப்போதே எழுதிவைத்து, நாம் சொல்லும் நாளில் சொல்லும் நேரத்தில் போகச் செய்வது எப்படி? போன மெயிலுக்குப் பதில் வரவேண்டிய நாளில் அதை மறுபடி கண்முன்னே கொண்டுவந்து நிறுத்துவது எப்படி? இந்த இரண்டையும் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வெறுமனே எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொன்னால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டு, அது போன வழியிலேயே நாமும் போவோம். நம் குடியிருப்பில் இருக்கும் ஒரு அம்மாவின் விஷயம் அது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பேரும் வங்கியின் பேரும் வேண்டாம்.

2025 ஜூன் 14, சனிக்கிழமை சாயங்காலம். நாற்றங்கால் செலவுக்காக ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்கப் போனார். மிஷின் உறுமியது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் 10,000 கழிந்துவிட்டதாக மெசேஜ் வந்துவிட்டது. அன்று இரண்டாம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. திங்கள்கிழமை கிளைக்குப் போனார். "அஞ்சு நாள்ல தானா வந்துடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது தவறில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், அதுவும் அவர் கேட்காமலே. ஐந்து நாள் என்பது காலண்டர் நாள். வங்கி விடுமுறைக்குச் சலுகை கிடையாது. ஆக 14-ம் தேதி நடந்ததற்குக் கெடு 19-ம் தேதி, வியாழக்கிழமை.

அன்று ராத்திரி அந்த அம்மா என்னிடம் வந்து, "சார், வியாழக்கிழமைவரைக்கும் பார்த்துட்டு அப்புறம் எழுதட்டுமா?" என்று கேட்டார். எழுதுவதை இப்போதே எழுதிவிடுவோம், போவது மட்டும் வெள்ளிக்கிழமை போகட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை வரும்போது நமக்கு வேறு வேலை வந்துவிடும். விவரங்களெல்லாம் கையில் சூடாக இருப்பது இன்றைக்குத்தான். ஏ.டி.எம். சீட்டை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இனி போனை எடுங்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஜிமெயில், அதனால் அதையே சொல்கிறேன். மெயிலை வழக்கம்போல எழுதுங்கள். எழுதி முடித்ததும் அம்பு போன்ற அனுப்பும் குறியைத் தொட வேண்டாம். அதன் பக்கத்தில், வலது மேல் மூலையில், மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் `Schedule send` என்று இருக்கும். அதைத் தொட்டதும் நாளைக் காலை, நாளை மதியம், திங்கள் காலை என்று ஜிமெயில் தானே சில நேரங்களைக் காட்டும். நமக்கு வேண்டியது அவற்றில் இல்லை. கீழே இருக்கும் `Pick date & time` என்பதைத் தொட்டு, நாளும் நேரமும் கொடுத்து முடிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஜூன் 20, காலை 10.15 என்று வைத்தோம்.

ஏன் 10.15? வங்கியில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குப் போகும் மெயில், காலையில் கணினியைத் திறக்கும்போது அடியில் கிடக்கும். அதற்கு மேலே சுற்றறிக்கைகள், புள்ளிவிவரம் கேட்டு வந்த மெயில்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வந்து விழும் மெயில்தான் மேலே நிற்கும். கோபமும் இன்னொரு காரணம். பணம் போன ராத்திரியில் எழுதும் மெயிலில் நாலு வார்த்தை அதிகமாகத்தான் இருக்கும். இடையில் நாலு நாள் இருந்தால் திறந்து பார்த்து அந்த நாலு வார்த்தையை எடுத்துவிடலாம்.

பின்னால் போகப்போகும் மெயிலை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் "இன்று", "நேற்று", "போன சனிக்கிழமை" என்று எழுதக் கூடாது. எழுதுவது 16-ம் தேதி, படிப்பவர் படிப்பது 20-ம் தேதி. எல்லாவற்றையும் தேதியாகவே எழுதுங்கள். அந்த மெயில் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"14.06.2025 மாலை 6.40 மணிக்கு முத்துப்பேட்டையில் உள்ள ஏ.டி.எம்.மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. கணக்கில் தொகை கழிக்கப்பட்டுள்ளது. கணக்கின் கடைசி நான்கு எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் கீழே. 19.06.2025 வரை தொகை திரும்ப வரவு வைக்கப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி தொகையையும், 20.06.2025 முதல் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீட்டையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். சீட்டின் படமும் மெசேஜின் படமும் இணைப்பு. கார்டு எண் முழுதும் வேண்டாம். பின் நம்பர், ஓ.டி.பி. எந்தக் காலத்திலும் வேண்டாம். புகார் அனுப்பும் முகவரியை வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடினால் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய. இன்னொன்று: ஏ.டி.எம். வேறு வங்கியுடையதாக இருந்தாலும் புகாரை உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான் அனுப்ப வேண்டும். அதுவும் வங்கியில் பதிவு செய்த உங்கள் மெயில் முகவரியிலிருந்து போனால் நல்லது. ஒரே போனில் அம்மா, பையன், மருமகள் என்று மூன்று முகவரி வைத்திருப்பவர்கள், `From` என்ற வரியில் யார் பேர் நிற்கிறது என்று அனுப்புவதற்கு முன் பாருங்கள்.

நேரம் வைத்தாயிற்று. இப்போது ஒரு சோதனை. ஜிமெயிலின் இடது மேல் மூலையில் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் `Scheduled` என்று ஒன்று இருக்கும். நம் மெயில் அங்கே இருக்க வேண்டும். முடிந்தால் வீட்டிலுள்ள கணினியிலோ வேறு போனிலோ அதே ஜிமெயிலைத் திறந்து அங்கேயும் இருக்கிறதா பாருங்கள். அங்கேயும் தெரிந்தால் மெயில் உங்கள் போனை விட்டு கூகுளின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் உங்கள் போன் அணைந்திருந்தாலும், சார்ஜ் இல்லாவிட்டாலும், 20-ம் தேதி அது போய்விடும். சிக்னல் இல்லாத நேரத்தில் எழுதினால்தான் சிக்கல். இணைப்புப் படங்கள் ஏறாமல் மெயில் போனிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டால் கூகுளுக்கு எதுவும் தெரியாது.

நம் ஊருக்கு இது சாதாரண விஷயமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் டவரும் இல்லாமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஜிமெயிலில் இந்த வசதி வரவில்லை. 2019 ஏப்ரல் 1-ம் தேதி, ஜிமெயிலின் பதினைந்தாம் பிறந்த நாளில்தான் கொடுத்தார்கள். முட்டாள்கள் தினத்தில் கொடுத்ததால் நம்பலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. இன்றைக்குப் புயல் எச்சரிக்கை வந்ததும் எழுதி நேரம் வைத்துவிட்டால், டவர் விழுந்தாலும் மெயில் போகும்.

பணம் இடையில் வந்துவிட்டால்? `Scheduled` உள்ளே போய் அந்த மெயிலைத் திறந்தால் `Cancel send` என்று இருக்கும். தொட்டால் மெயில் போகாது, வரைவாக மாறிவிடும். திருத்துவதற்கும் இதே வழிதான்: முதலில் நிறுத்த வேண்டும், பிறகு திருத்த வேண்டும், பிறகு நாளும் நேரமும் புதிதாக வைக்க வேண்டும். இந்த மூன்றாவதை மறந்தால் மெயில் வரைவிலேயே தூங்கும். யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆகவே 19-ம் தேதி ராத்திரி பாஸ்புக்கோ வங்கி ஆப்போ பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவைத்தேன். "பணம் வரவில்லை" என்று சொல்லும் மெயில், பணம் வந்த பிறகு போகக் கூடாதல்லவா? பார்த்தார். வரவில்லை. மெயிலை விட்டுவிட்டார்.

20-ம் தேதி காலை பத்தே கால். மெயில் போனது. சொன்ன நிமிஷத்துக்கே போகும் என்று இல்லை, ஓரிரு நிமிஷம் முன்பின் ஆகலாம். அந்த நேரத்தில் போன் கையில் இருக்கட்டும். முகவரியில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் `Mail Delivery Subsystem` என்ற பேரில் ஒரு மெயில் திரும்பி வந்து, `Address not found` என்று சொல்லும். இது வந்தால் புகார் போகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே சரிசெய்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மூன்று நாள் போச்சு.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். இதுதான் இந்தப் பேச்சின் நடு.

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. வங்கிமேல் ரிசர்வ் வங்கியிடம் புகார் கொடுக்க வேண்டுமானால், முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி அதை மறுத்திருக்க வேண்டும், அல்லது அதன் பதில் நமக்குத் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது புகார் கிடைத்து 30 நாளுக்குள் பதிலே சொல்லாமல் இருக்க வேண்டும். இதற்கு முன்னால் போனால் "முதலில் வங்கியிடம் கேளுங்கள்" என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். இங்கே கவனியுங்கள்: 30 நாள் எண்ணுவது வங்கிக்குக் கிடைத்த நாளிலிருந்து. நாம் எழுதிய 16-ம் தேதி கணக்கில் வராது. 20-ம் தேதிதான் கணக்கு. ஜூன் 20-லிருந்து முப்பதாம் நாள் ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. ஆக ஜூலை 21 திங்கள்கிழமை காலை அந்த மெயில் அந்த அம்மாவின் கண்முன் வந்து நிற்க வேண்டும்.

அதற்குத்தான் ஸ்நூஸ். அலாரம் அடிக்கும்போது "இன்னும் பத்து நிமிஷம்" என்று அமுக்குகிறோமே, அதே ஸ்நூஸ். மெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, `Snooze` என்பதைத் தொட வேண்டும். இங்கேயும் `Pick date & time` உண்டு. நாளும் நேரமும் கொடுத்ததும் மெயில் இன்பாக்ஸிலிருந்து மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், அழியவில்லை. மூன்று கோட்டுப் பட்டியலில் `Snoozed` என்ற இடத்தில் இருக்கும். குறித்த நாளில், புதிதாக வந்த மெயில்போல இன்பாக்ஸின் உச்சியில் வந்து உட்காரும். வங்கிக்கு இது எதுவும் தெரியாது, அவர்களுக்குப் போன மெயில் போனதுதான். நாம் அனுப்பிய மெயிலையும் ஸ்நூஸ் செய்யலாம். `Sent` உள்ளே போய் அதைத் திறந்து இதையே செய்ய வேண்டும்.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் விடுவது இங்கேதான். ஸ்நூஸ் செய்த மெயிலுக்கு ஒரு பதில் வந்துவிட்டால், அந்த உரையாடல் முழுவதும் உடனே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். நாம் வைத்த நாள் அதோடு போய்விடும். உண்மையான பதில் வந்தால் இது நல்லதுதான். ஆனால் வங்கிகள் முதலில் அனுப்புவது பதில் இல்லை. "உங்கள் மெயில் கிடைத்தது, புகார் எண் இது" என்று கணினி தானாக அனுப்பும் ஒப்புகை. காலை 10.16-க்கு நீங்கள் ஸ்நூஸ் வைக்கிறீர்கள், 10.20-க்கு ஒப்புகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நூஸ் கலைந்துவிட்டது. நீங்களோ வைத்தாயிற்று என்ற நிம்மதியில் இருக்கிறீர்கள். ஜூலை 21-ம் தேதி எதுவும் வராது.

ஆகவே மெயில் போனவுடன் ஸ்நூஸ் வைக்காதீர்கள். ஒப்புகை வரட்டும். அன்று சாயங்காலமோ மறுநாளோ வையுங்கள். ஒப்புகை அதே உரையாடலுக்குள் வந்திருந்தால் அதையே ஸ்நூஸ் செய்தால் போதும், புகார் எண்ணும் கூடவே இருக்கும். தனி மெயிலாக வந்திருந்தால் `Sent`-ல் உள்ள நம் மெயிலை ஸ்நூஸ் செய்யுங்கள். அடுத்த நாள் `Snoozed` உள்ளே எட்டிப் பார்த்து, மெயில் அங்கேயே இருக்கிறதா, தேதி சரியா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அம்மா 21-ம் தேதி, சனிக்கிழமை, ஒப்புகையைப் பார்த்த பிறகு, ஜூலை 21 காலை 9 மணி என்று வைத்தார்.

பிறகு என்ன நடந்தது? ஜூலை 2-ம் தேதி கணக்கில் 10,000 வந்தது. அன்றைக்கே வங்கியிலிருந்து மெயில்: "தங்கள் தொகை வரவு வைக்கப்பட்டது. புகார் முடித்துவைக்கப்படுகிறது." பதில் வந்ததால் உரையாடல் தானாகவே இன்பாக்ஸுக்கு வந்துவிட்டது. ஜூலை 21 என்ற தேதி கலைந்தது. பெரும்பாலோர் இங்கே போனை வைத்துவிடுவார்கள், பணம் வந்துவிட்டதே! ஆனால் கணக்குப் போடுங்கள். கெடு ஜூன் 19. பணம் வந்தது ஜூலை 2. ஜூன் 20 முதல் 30 வரை பதினொரு நாள், ஜூலையில் இரண்டு நாள், ஆகப் பதின்மூன்று நாள். 1,300 ரூபாய் வரவேண்டும், வரவில்லை.

அந்தப் பதிலையே வைத்து, 30 நாள் காத்திராமல், நேராக ரிசர்வ் வங்கிக்குப் போயிருக்கலாம். கேட்டதில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் முடித்துவிட்டார்கள் அல்லவா? ஆனால் என் அபிப்பிராயம், கிளையில் இருப்பவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது நல்லது. பணம் திரும்ப வந்ததே ஏ.டி.எம்.மில் கணக்குப் பார்த்தபோது பத்தாயிரம் கூடுதலாக இருந்ததை யாரோ எண்ணிக் குறித்ததால்தான். இழப்பீடு போடுவது வேறு மேஜை. அதே உரையாடலில் நாலு வரி எழுதி, தேதிகளையும் பதின்மூன்று நாள் கணக்கையும் வைத்து, ஜூலை 3 காலை 10.15-க்கு என்று நேரம் வைத்தோம். அது போன பிறகு மறுபடியும் ஜூலை 21 காலை 9 மணிக்கு ஸ்நூஸ். கலைந்த தேதியை ஜிமெயில் ஞாபகம் வைத்திருக்காது, நாம்தான் புதிதாக வைக்க வேண்டும்.

ஜூலை 17-ம் தேதி 1,300 ரூபாய் வரவாயிற்று. மெசேஜ் மட்டும்தான் வந்தது, மெயில் வரவில்லை. ஜிமெயிலுக்கு மெயில் தெரியும், பணம் தெரியாது. அதனால் ஸ்நூஸ் கலையவில்லை. 21-ம் தேதி காலை ஒன்பது மணிக்கு மெயில் சொன்னபடி வந்து நின்றது. அந்த அம்மா பாஸ்புக்கைப் பார்த்து ஒரு டிக் போட்டுவிட்டு அதை ஆர்க்கைவ் செய்தார். வந்திருக்காவிட்டால் அன்றைக்கே cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் போட்டிருப்பார். மெயிலும் ஒப்புகையும் வங்கியின் பதிலும் ஒரே உரையாடலில் வரிசையாக இருந்ததால் இணைப்புகள் தயாராகவே இருந்தன. சந்தேகம் கேட்க 14448 என்ற எண்ணும் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் குடியிருப்பில் பாதி வீட்டுக்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும்தான். ஜிமெயில் நேரம் வைப்பது, வைக்கும் இடத்தின் நேரப்படி. துபாயில் உட்கார்ந்து 10.15 என்று வைத்தால் இங்கே 11.45-க்குத்தான் போகும். இங்கே 10.15-க்குப் போக வேண்டுமானால் அங்கே 8.45 என்று வைக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் 12.45 என்று வைக்க வேண்டும். விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நேரம் வைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் ஐபோன் வைத்திருக்கும் இருவர் கேட்டார்கள். ஐபோனிலும் ஜிமெயில் ஆப் போட்டிருந்தால் இதே வழிதான். ஆப்பிளின் சொந்த மெயில் ஆப்பில், ஐ.ஓ.எஸ். 16 முதல், அனுப்பும் அம்பை விடாமல் அழுத்திப் பிடித்தால் பின்னர் அனுப்பும் வசதி வரும். திரும்ப நினைவூட்ட `Remind Me` என்று உண்டு. முதல் மாடி அய்யா, மின்வாரியத்துக்கும் நகராட்சி போன்ற அலுவலகங்களுக்கும் எழுதும் மெயிலுக்கு எத்தனை நாள் வைப்பது என்று கேட்டார். வங்கிக்குச் சொன்ன முப்பது நாள் எல்லோருக்கும் பொருந்தாது. அந்த அலுவலகத்தின் குடிமக்கள் சாசனத்தில் அந்த வேலைக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கும். மெயில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை நாளை எண்ணி, அதற்கு மறுநாள் காலை என்று வையுங்கள். அந்த மறுநாள் விடுமுறையாக இருந்தால், அடுத்து அலுவலகம் திறக்கும் நாள்.